உங்கள் மருத்துவக் காப்பீட்டு பாலிசி: படித்துப் பார்த்ததில் முக்கியமானவை

வணக்கம் ஐயா,

கடலூர் கிளையில் பயிற்சியில் இருக்கிறேன். உங்கள் பாலிசியை முழுதாகப் படித்துவிட்டேன். உங்களுக்கும் அம்மாவுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 5 லட்சம் கவரேஜ். தொடக்கம் 10.06.2025.

அறை வாடகையைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். நாளுக்கு 5,000 ரூபாய் வரைதான். 8,000 ரூபாய் அறை எடுத்தால் வித்தியாசம் 3,000 மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் கட்டணமும் அதே விகிதத்தில் குறையும்: 1,60,000 பில்லுக்கு 1,00,000தான் கணக்கில் வரும். மருந்து, இம்ப்ளாண்ட் செலவுக்கு இந்தக் குறைப்பு கிடையாது. உங்களுக்கு 61 வயது முடிந்ததால் உங்கள் கிளெய்மில் 20% நீங்களே கட்ட வேண்டும். அட்மிஷன் போடும்போதே அறை வாடகையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

விபத்து தவிர மற்றதற்கு முதல் 30 நாள் கிளெய்ம் இல்லை. கண்புரை, குடலிறக்கத்துக்கு 24 மாதம். அம்மாவின் சுகருக்கு 36 மாதம், அதாவது 10.06.2028 முதல்தான்.

ஒரு விஷயம் உடனே செய்ய வேண்டியது. பாலிசியின் கடைசியில் உள்ள முன்மொழிவுப் படிவ நகலில் அம்மாவுக்கு சுகர் மட்டும் பதிவாகியிருக்கிறது. நீங்கள் போனில் சொன்ன பிரஷர் மாத்திரை இல்லை. இப்படியே விட்டால் மறைத்ததாகச் சொல்லி கிளெய்மை நிராகரிக்க இடமுண்டு. மாத்திரைச் சீட்டோடு எழுதிக் கொடுங்கள், திருத்தக் கோரிக்கையை நான் அனுப்புகிறேன். பிரீமியம் கூடலாம், பரவாயில்லை, செய்துவிடுவதே நல்லது.

பாலிசி வேண்டாம் என்றால் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் திருப்பித் தரலாம்.