குழு 4 நிலத்தடி நீர் ஒப்படை: மார்ச் 25 வரை கால அவகாசம் கேட்டு

வணக்கம் சேர்,

நான் அபிராமி, மூன்றாம் வருடம், நீர்வளப் பாடத்தில் நான்காவது குழு. கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை, மார்ச் 13ஆம் திகதி, நாங்கள் ஒப்படைக்க வேண்டிய குழு அறிக்கையை மார்ச் 25 புதன்கிழமை தர அனுமதிப்பீர்களா? எங்கள் குழுவில் இருந்த சஜீவன் படிப்பிலிருந்து விலகிவிட்டார். நாலு பேர் பிரித்து எடுத்த வேலையை இப்போது நானும் கீர்த்திகாவும் நிரோஜனும் முடிக்க வேண்டும். ஆனால் ஆள் குறைந்தது மட்டும் என்றால் இரவில் முழித்திருந்தாவது 13ஆம் திகதிக்குத் தந்திருப்போம் சேர், அவர் பொறுப்பில் இருந்த தரவில் ஒரு சிக்கல் கிடக்கிறது, அதைத் தீர்க்காமல் தந்தால் அது பிழையான அறிக்கை.

சஜீவன் மார்ச் 2ஆம் திகதி விலகல் கடிதம் கொடுத்திருக்கிறார். எங்களுக்கு அடுத்த நாள் இரவு வட்ஸ்அப்பில் சொன்னார். வீட்டு நிலைமைதான் காரணம், அதற்கு மேல் நான் எழுதுவது முறையில்லை. தேவையென்றால் உங்களிடம் தானே வந்து கதைப்பதாகச் சொன்னார், இந்த அளவுக்கு நான் எழுதுவதும் அவருக்குத் தெரியும். அவர் மேல் எங்களுக்குக் கோபமே இல்லை. புதன்கிழமை பின்னேரம் நூலக வாசலுக்கு வந்து, தன்னிடம் இருந்த எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவிலும், வயல் குறிப்பு எழுதிய சீ.ஆர். கொப்பியையும் தந்துவிட்டுத்தான் போனார்.

அந்தக் கொப்பியை நீங்கள் ஒருமுறை பார்த்தால் எங்கள் நிலைமை விளங்கும். ஓரமெல்லாம் கோப்பாய்ச் செம்மண் படிந்து, ஈரக்கையோடு எழுதியதால் பல இடங்களில் மை பரவி, 7ஆ 1ஆ என்று சொல்ல முடியாமல் இருக்கிறது. கிணற்றடியில் கப்பியில் வாளியைப் பிடித்தபடி எழுதினால் அப்படித்தான் வரும், நாங்களும் பக்கத்தில் நின்றோம், ஒரு போட்டோவாவது எடுத்து வைத்திருக்க வேண்டும். செய்யவில்லை.

சிக்கல் என்னவென்று சொல்கிறேன். கோப்பாய், உரும்பிராய், நீர்வேலி, புத்தூர்ப் பக்கம் 32 கிணறுகள் எடுத்தோம். மழைக்கு முன் செப்டெம்பர் கடைசியில் ஒரு சுற்று, மழை முடிந்த பிறகு ஜனவரி நடுவில் இரண்டாவது சுற்று. முதல் சுற்று ஆய்வுகூட முடிவுகளை எக்செலில் ஏற்றியது சஜீவன், இரண்டாவது சுற்றை ஏற்றியது நான். போன வியாழக்கிழமை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது 17 கிணறுகளில் நைத்திரேற்று மழைக்குப் பிறகு நாலு மடங்குக்கு மேல் கூடியிருந்தது. எங்களுக்குச் சரியான சந்தோஷம். தோட்டத்துக்குப் போட்ட பசளை மழையோடு செம்மண்ணுக்குள்ளால் இறங்கி, கீழே இருக்கும் சுண்ணக்கல்லின் வெடிப்புகளால் கிணற்றுக்கு வந்து சேருகிறது என்பதுதானே எங்கள் கருதுகோள், அது இவ்வளவு தெளிவாக வந்துவிட்டது என்று நினைத்தோம்.

பிறகு நிரோஜன்தான் கேட்டார், மற்ற 15 கிணறுகளில் ஏன் பெரிய மாற்றமே இல்லை, அதே மண், அதே வெங்காயத் தோட்டம், அதே மழை என்று. அந்த 17 கிணறுகளிலும் விகிதத்தைக் கணக்குப் பார்த்தால் எல்லாமே 4.43ஐச் சுற்றித்தான் நிற்கிறது. நைதரசனாகச் சொன்ன அளவை நைத்திரேற்றாக மாற்றப் பெருக்கும் எண் அதுதானே சேர். அதாவது முதல் சுற்றில் ஒரு நாள் கொண்டுபோன மாதிரிகளின் முடிவு NO3-N ஆகவும், மற்ற நாளைய முடிவு NO3 ஆகவும் வந்திருக்க வேண்டும், இரண்டும் ஒரே நிரலில் அலகு எழுதாமல் ஏறிவிட்டது. வந்திருக்க வேண்டும் என்றுதான் சொல்ல முடிகிறது, நிச்சயமாகத் தெரியாது. சஜீவனிடம் கேட்டோம், தந்த தாளில் இருந்த எண்ணை அப்படியே ஏற்றியதாகவும் அந்தத் தாள் இப்போது தன்னிடம் இல்லை என்றும் சொன்னார்.

அந்த 17 கிணறுகளின் முதல் சுற்று எண்களை மட்டும் 4.43ஆல் பெருக்கிவிட்டு 13ஆம் திகதி தந்திருக்கலாம். மூன்று பேரும் வெள்ளிக்கிழமை முழுக்க அதைப் பற்றித்தான் கதைத்தோம், கடைசியில் வேண்டாம் என்று முடிவெடுத்தோம். கோப்பாயில் ஒரு வீடு இருக்கிறது, எங்கள் அட்டவணையில் 9ஆம் இலக்கக் கிணறு. செப்டெம்பர் முடிவு 13.2 என்று இருக்கிறது. அது நைத்திரேற்று என்றால், குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லைக்கு எவ்வளவோ கீழே. அது நைதரசன் என்றால் 58.5, எல்லையைத் தாண்டிவிட்டது. ஜனவரியில் அதே கிணறு 61. ஆக, அந்தக் கிணறு மழைக்குப் பிறகுதான் கெட்டுப்போனதா, வருடம் முழுக்க அப்படியேதான் இருக்கிறதா என்பது அந்த ஒரு அலகில் தொங்குகிறது. அந்த வீட்டில் கைக்குழந்தை ஒன்று இருக்கிறது, போத்தல் பால் கரைப்பதும் அந்தத் தண்ணீரில்தான். நாங்கள் இரண்டாவது தடவை போனபோது அந்த அம்மம்மா கீர்த்திகாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளையள், தண்ணி குடிக்கலாமோ எண்டு வந்து சொல்லுவியள் தானே?" என்று கேட்டவ. சொல்லுவோம் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தோம். ஜனவரி எண் மட்டுமே போதும் அந்த வீட்டுக்குக் குழந்தைக்கு வேறு தண்ணீர் பாவியுங்கோ என்று சொல்ல, அதை நேற்றே போய்ச் சொல்லிவிட்டோம் சேர், அதற்கு அறிக்கை முடியும்வரை காத்திருக்க மனம் வரவில்லை. கொதிக்க வைத்தால் சரிதானே என்று கேட்டார்கள், கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்றி இன்னும் கூடத்தான் செய்யும் என்று விளங்கப்படுத்தினோம். ஆனால் மற்ற 16 வீடுகளுக்கும் என்ன சொல்வது என்று இன்னும் தெரியாது.

இதைச் சரிபார்க்க ஒரே வழி ஆய்வுகூடப் பதிவுப் புத்தகம். அதில் மூல வாசிப்பும் எத்தனை மடங்கு ஐதாக்கினார்கள் என்பதும் இருக்கும். அந்தப் பதிவைப் பொறுப்பாக வைத்திருப்பவர் லீவில், 16ஆம் திகதி திங்கட்கிழமைதான் வருகிறார், அன்று காலையே போக நேரம் கேட்டு வைத்திருக்கிறோம். நாங்கள் எவ்வளவு வேகமாக வேலை செய்தாலும் இது 13ஆம் திகதிக்குள் நடக்காது.

இரண்டாவது, வரைபடம். அதுவும் சஜீவன் செய்தது. பென்டிரைவில் QGIS கோப்பு இருந்தது, திறந்தால் வெறும் வெள்ளைத் திரை, படைகள் ஒன்றையும் காணவில்லை. அந்தக் கோப்புக்குள் தரவு இருக்காது, தரவு கணினியில் எந்த இடத்தில் கிடக்கிறது என்ற பாதை மட்டும்தான் இருக்கும் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. கிணறுகளின் ஆள்கூறு அட்டவணை மட்டும் தனியாகக் கிடைத்தது. அதை ஏற்றிப் பார்த்தால் 11 கிணறுகள் இலங்கையிலேயே இல்லை, தென்மேற்கே இந்து சமுத்திரத்துக்குள் ஒரே புள்ளியாகக் குவிந்து கிடந்தன. போனில் எடுத்தவை EPSG:4326இல் பாகையாகவும், மற்றவை EPSG:5235இல் மீற்றராகவும் கலந்து கிடந்ததுதான் காரணம். பிரித்து ஏற்றியதும் யாழ்ப்பாணத்துக்கு வந்துவிட்டன, ஆனால் கொப்பியில் மை பரவிய இடங்களில் இருந்த 4 கிணறுகள் இன்னும் வீதியிலும் அடுத்தவர் வளவுக்குள்ளும்தான் நிற்கின்றன. 14, 15 சனி ஞாயிறில் சயிக்கிளில் போய் அந்த நாலையும் திரும்ப எடுத்துவிடுவோம், இது பெரிய வேலை இல்லை.

முடிந்தவற்றையும் சொல்ல வேண்டும். பிரதேச அறிமுகமும் புவிச்சரிதவியல் அத்தியாயமும் நான் எழுதி முடித்துவிட்டேன். கீர்த்திகா 32 வீடுகளிலும் கேட்ட பசளைப் பாவனை விபரம் முழுக்க அட்டவணையாகிவிட்டது. இரண்டாவது சுற்றுத் தரவு அலகோடு சரியாக இருக்கிறது, நானே தாளோடு இரண்டு தரம் ஒப்பிட்டேன். இவை எல்லாவற்றையும் இந்த மின்னஞ்சலோடு இணைத்திருக்கிறேன், நாங்கள் சும்மா இருந்துவிட்டு நாள் கேட்கவில்லை என்பது பார்த்தால் தெரியும். 16, 17இல் ஆய்வுகூடப் பதிவைப் பார்த்துத் தரவைத் திருத்தினால், நிரோஜனுக்குப் புள்ளிவிபரப் பகுதியைத் திரும்பச் செய்ய நாலு நாள் வேண்டும், வரைபடத்தை நான் எடுத்துக்கொள்கிறேன், QGIS எனக்குப் புதிது என்பதால் அதற்கு ஒரு கிழமை வைத்திருக்கிறேன். முடிவுரையை மூன்று பேரும் சேர்ந்திருந்து எழுத வேண்டும். அப்படித்தான் 25 என்ற திகதி வந்தது. கூட்டிக் கேட்கவில்லை, அதற்குப் பிறகு இன்னொரு தடவை கேட்கவும் மாட்டோம்.

முழு அவகாசம் தர முடியாது என்றால் ஒரு வேறு வழியும் யோசித்தோம். 13ஆம் திகதி இரண்டாவது சுற்றை மட்டும் வைத்து ஒரு அறிக்கை தருகிறோம், முதல் சுற்றையும் ஒப்பீட்டையும் பிறகு இணைப்பாகத் தருகிறோம். பிந்தியதற்குப் புள்ளி குறைப்பது விதி என்றால் அதையும் ஏற்கிறோம். எங்கள் விருப்பம் முதலாவதுதான், ஏனென்றால் மழைக்கு முன்னும் பின்னும் என்ற ஒப்பீடு இல்லாவிட்டால் இந்த ஒப்படையில் மிச்சம் ஒன்றும் இல்லை.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது சேர். அறிக்கையின் முகப்பில் சஜீவனின் பெயரைப் போடலாமா? அவருக்கு இனிப் புள்ளி தேவையில்லை என்று தெரியும். ஆனால் செப்டெம்பர் வெயிலில் 32 கிணற்றுக்கும் வந்தவர், கயிறு விட்டு நீர்மட்டம் அளந்தது முழுக்க அவர்தான். குழு உறுப்பினராகப் போட விதி இடம் தராவிட்டால் நன்றியுரையிலாவது போட விரும்புகிறோம்.

4ஆம் திகதியே இதை உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். முதலில் நாங்களே சமாளிக்கலாம் என்று நினைத்தோம், பிறகு தரவின் சிக்கல் தெரிந்ததும் அது என்னவென்று முழுக்க விளங்கிக்கொண்டு எழுதலாம் என்று இரண்டு மூன்று நாள் போய்விட்டது. அது எங்கள் பிழை, மன்னிக்க வேண்டும்.

நாளை திங்கட்கிழமை 10 மணி விரிவுரைக்குப் பிறகு மூன்று பேரும் துறையில்தான் நிற்போம். உங்களுக்கு நேரம் இருந்தால் கொப்பியையும் அட்டவணையையும் கொண்டு வந்து காட்டுகிறோம். வேறு நேரம் வசதி என்றால் சொல்லுங்கள், அந்த நேரத்துக்கு வருகிறோம்.

நன்றி சேர்.

அபிராமி
(கீர்த்திகா, நிரோஜன் இருவரும் வாசித்துச் சம்மதித்து)
குழு 4
மார்ச் 8, ஞாயிற்றுக்கிழமை