கையேட்டில் 0W-20, காரில் 5W-40: பட்டறைக்கு ஒரு கடிதம்

ஈசூன்
12 ஜூன் 2025

பட்டறை உரிமையாளர் அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். மே 31, சனிக்கிழமை, காக்கி புக்கிட்டில் உள்ள உங்கள் பட்டறையில் என் காரை சர்வீஸுக்கு விட்டிருந்தேன். 2019இல் பதிவான சாம்பல் நிற 1.5 லிட்டர் ஹைபிரிட். அன்றைக்கு மீட்டரில் 94,210 கிலோமீட்டர். எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர் மூன்றும் மாற்றியதற்கு 178 வெள்ளி கட்டினேன். சொன்ன நேரத்துக்கு வண்டி கைக்கு வந்தது, வேலையும் சுத்தமாக இருந்தது. கேள்வி ஆயிலைப் பற்றி மட்டும்தான்.

வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பிய ரசீதில் 5W-40, முழு சிந்தெடிக் என்று இருக்கிறது. முன்கண்ணாடி ஓரத்தில் ஒட்டிய ஸ்டிக்கரிலும் அதுவே. கார் கையேட்டில் 0W-20தான் போட்டிருக்கிறது. அது கிடைக்காத இடத்தில் 5W-30 ஊற்றலாம், ஆனால் அடுத்த முறை 0W-20க்கே திரும்பிவிட வேண்டும் என்கிறார்கள். 5W-40 என்ற பேச்சே அதில் இல்லை. கையேட்டை யார் புரட்டுகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். சரி, பானெட்டைத் திறந்தால் ஆயில் ஊற்றும் மூடியின் மேலேயே 0W-20 என்று அச்சடித்திருக்கிறது. ஆயில் ஊற்றியவர் அந்த மூடியைக் கையால் திருகிக் கழற்றித்தான் ஊற்றியிருப்பார்.

எனக்கு இன்னொன்றும் புரியவில்லை. இதே கார், இதே பட்டறை. 2023, 2024 சர்வீஸ் ரசீதுகளை எடுத்துப் பார்த்தேன், எல்லாவற்றிலும் 0W-20தான். இந்த முறை மட்டும் என்ன மாறியது?

போன வாரம் போன் செய்தேன். எடுத்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "எல்லாம் ஒண்ணுதான் அக்கா, நம்ம ஊர் சூட்டுக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை, பலரும் சொல்கிற பதில்தான் அது. ஆனால் என்னால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன். தவறாக இருந்தால் திருத்துங்கள்.

எனக்குத் தெரிந்தவரை, ஊர் வெயிலோ குளிரோ சம்பந்தப்படுவது முதல் எண்ணோடுதான். 0W, 5W இரண்டுமே உறைகிற குளிரில் எஞ்சினைக் கிளப்புவதற்கான அளவு: 0W ஆயிலை மைனஸ் 35 டிகிரியிலும் 5Wவை மைனஸ் 30 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். சிங்கப்பூரில் அந்த வித்தியாசத்துக்கு வேலையே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது எண் விஷயம் வேறு. அது 100 டிகிரியில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதைச் சொல்வது. 20 என்றால் 6.9க்கும் 9.3 சென்டிஸ்டோக்குக்கும் இடையில். 40 என்றால் 12.5க்கும் 16.3க்கும் இடையில். அதாவது எந்தக் கம்பெனி ஆயிலை எடுத்தாலும், 40 ஆயில் 20ஐ விடக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு கெட்டி. வெளியே 24 டிகிரியோ 33 டிகிரியோ, ஓடி சூடேறிய எஞ்சினைத் தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் ஏறக்குறைய ஒரே சூட்டில்தான் வைத்திருக்கின்றன. அப்படியிருக்க "எல்லாம் ஒண்ணுதான்" என்பது எப்படிச் சரியாகும்?

அதிலும் இது ஹைபிரிட். ஈசூனிலிருந்து சாங்கிக்கு வேலைக்குப் போகிறேன். சிக்னலிலும் நெரிசலிலும் எஞ்சின் தானாக அணைவதும் திரும்பக் கிளம்புவதுமாகவே பாதி நேரம் போகிறது. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் ஆயில் சட்டென்று மேலே ஏற வேண்டும். வால்வு டைமிங்கை மாற்றும் அமைப்பும் ஆயில் அழுத்தத்தில்தான் இயங்குகிறது. கார் செய்தவர்கள் மெல்லிய ஆயிலைக் கேட்பதில் பெட்ரோல் சிக்கனமும் ஒரு காரணம் என்பது தெரியும். ஆனால் இந்த எஞ்சினின் ஆயில் பம்ப், இடைவெளிகள் எல்லாம் அந்த ஆயிலை மனதில் வைத்துத்தானே செய்திருப்பார்கள்?

உங்கள் பக்கமும் நியாயம் இருக்கலாம். மிகுந்த சூட்டிலும் பாரத்திலும் 40 ஆயிலின் படலம் தடிப்பாக நின்று உலோகத்தைக் காக்கும் என்பது உண்மை. மலைப்பாதையிலோ, பாரம் இழுத்துக்கொண்டோ, அதிவேகத்தில் மணிக்கணக்காகவோ ஓட்டுபவருக்கு அது பயன்படும். நான் ஓட்டுவது விரைவுச்சாலை. அங்கே 90க்கு மேல் போகச் சட்டமும் விடாது, நெரிசலும் விடாது. பழைய எஞ்சின் ஆயிலைக் குடிக்க ஆரம்பித்தால் சில மெக்கானிக்குகள் ஒரு படி கெட்டியாக ஊற்றுவதும் உண்டு. ஆனால் சர்வீஸுக்கு முந்தைய வாரம் டிப்ஸ்டிக்கில் அளவு மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழேதான் இருந்தது. புகையோ கசிவோ எதுவும் இல்லை. நீங்கள் பிரித்துப் பார்த்தபோது என் கண்ணுக்குத் தெரியாத தேய்மானம் ஏதாவது தெரிந்ததா? அப்படியென்றால் அதைத்தான் முதலில் என்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

இல்லை, அன்றைக்கு 0W-20 டிரம் காலியாகிவிட்டது, இருந்ததை ஊற்றினோம் என்றால், அதையே சொல்லிவிடுங்கள். கோபப்பட மாட்டேன். பட்டறையில் நடக்கிற விஷயம்தான். முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்றிருப்பேன், அவ்வளவுதான்.

நாளைக்கே எஞ்சின் பழுதாகிவிடும் என்று நான் பயப்படவில்லை. சர்வீஸுக்குப் பிறகு பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகப் போவதுபோல் தெரிகிறது. பள்ளி விடுமுறையில் ஏசியைப் போட்டுக்கொண்டு பிள்ளைகளோடு சுற்றியதாலும் இருக்கலாம். ஆயிலின் மேல் பழி போட மாட்டேன். உத்தரவாதமும் முடிந்துவிட்டதால் ஏஜென்ட் என்ன சொல்வாரோ என்ற கவலையும் இல்லை. ஆனால் இந்தக் காரை வைத்து ஓட்டுவதற்கான உரிமைச் சான்றிதழ், சிஓஇ, 2029 வரை இருக்கிறது. இப்போது புதிய சிஓஇ விற்கிற விலையில், அதுவரை இந்த எஞ்சினைத்தான் நம்பியிருக்கிறேன்.

ஆகவே, 5W-40 தெரிந்தே தேர்ந்தெடுக்கப்பட்டதா, கைதவறி ஊற்றப்பட்டதா என்பதை வாட்ஸ்அப்பிலேயே இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். தெரிந்தே என்றால் காரணத்தையும், ஊற்றிய ஆயிலின் பெயரையும், டப்பாவில் போட்டிருக்கும் தரக் குறியீட்டையும் சேர்த்து அனுப்புங்கள். காரணம் நியாயமாக இருந்தால் அடுத்த சர்வீஸ் வரை இதே ஆயிலில் ஓட்டிக்கொள்கிறேன். தவறுதலாக நடந்தது என்றால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, 0W-20 ஊற்றித் தர வேண்டும். அதற்கு நான் மறுபடி பணம் கட்டுவது முறையாக இருக்காது. அடுத்த சர்வீஸ் முதல் ஊற்றும் ஆயிலின் டப்பாவை முதலில் எனக்குக் காட்டச் சொல்லி உங்கள் ஆட்களிடம் சொல்லிவையுங்கள்.

ஜூன் 21, சனிக்கிழமை காலை 9 மணிக்கு என்னால் வண்டியைக் கொண்டுவர முடியும். அந்த நேரம் சரிப்படாவிட்டால் வேறு நேரம் சொல்லுங்கள். மூன்று சர்வீஸ் ரசீதுகளையும், கையேட்டின் அந்தப் பக்கத்தையும், ஆயில் மூடியையும் படமெடுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
சுமதி