அப்பாவின் ஈசிஜி: எண்களும் மெஷின் எழுதிய வரிகளும்

தம்பி,

உங்கள் வாட்ஸ்அப் எல்லாவற்றையும் காலையில்தான் பார்த்தேன். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும், அம்மாவிடமும் அக்காவிடமும் நீங்கள் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் எழுதியே அனுப்புகிறேன்.

நீங்கள் முதலில் கேட்டதற்கே பதில் சொல்லிவிடுகிறேன். "அப்பாவுக்குத் தெரியாமலே ஹார்ட் அட்டாக் வந்து போயிருக்கிறதா?" லேபில் எடுத்த அந்தத் தாளை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. நேற்று மாலை கிளினிக்கில் நான் மறுபடி எடுத்த ஈசிஜியில் அந்தச் சந்தேகம் இன்னும் குறைந்திருக்கிறது. திங்கட்கிழமை எக்கோவும் பார்த்துவிடலாம். ஹெர்னியா ஆபரேஷனைத் தள்ளிப்போடும் அளவுக்கு இதுவரை எதுவும் என் கண்ணில் படவில்லை.

இனி அந்தத் தாளுக்கு வருவோம். மேலே இடது மூலையில் இருப்பது இது:

```
Vent. rate       96 bpm
PR interval     212 ms
QRS duration     88 ms
QT/QTc      364/460 ms
P-R-T axes   52 -34 41
```

இவை மெஷின் அளந்த எண்கள். ms என்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதனால் ஒரு சின்னக் கட்டம் 40 ms, ஐந்து சின்னக் கட்டம் சேர்ந்த பெரிய கட்டம் 200 ms. இது தெரிந்தால் ஸ்கேல் வைத்து நீங்களே சரிபார்க்கலாம்.

நாடித்துடிப்பு 96. 60 முதல் 100 வரை இயல்பு என்பதால் மெஷின் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எனக்கு இடித்தது இந்த எண்தான். துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் என்ற பிபி மாத்திரை சாப்பிடுகிறவருக்கு 96 ஏன்? அப்பாவைக் கேட்டேன். லேபில் வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்களாம், அதனால் அன்று காலை பிபி மாத்திரையையும் போடவில்லையாம். கத்திரி வெயிலில் நடந்து, லேபின் மாடிப்படி ஏறி, உடனே போய்ப் படுத்திருக்கிறார். 96 வராமல் என்ன செய்யும்? பின்னால் வரும் QTc கதைக்கும் இந்த 96-தான் காரணம், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். (வெறும் வயிறு சர்க்கரைப் பரிசோதனைக்குத்தான். பிபி மாத்திரையைக் கொஞ்சம் தண்ணீரோடு போட்டுக்கொண்டே போகலாம். இதை லேபில் யாரும் சொல்வதில்லை.)

PR என்பது இதயத்தின் மேல் அறையில் கிளம்பும் மின்துடிப்பு கீழ் அறையை எட்ட எடுக்கும் நேரம். 120 முதல் 200 வரை இயல்பு. அப்பாவுக்கு 212. கூடுதலாக இருக்கும் 12 என்பது ஒரு சின்னக் கட்டத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் மெஷினுக்கு 200 தாண்டினால் தாண்டியதுதான். உடனே "1st degree AV block" என்று அடித்துவிடுகிறது. இந்த பிளாக்கைப் பார்த்துத்தான் அக்கா ஆஞ்சியோ, ஸ்டென்ட் என்று பயந்துபோயிருக்கிறார். ரத்தக் குழாய் அடைப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மின்துடிப்பு நடுவில் ஓரிடத்தில் சற்றுத் தாமதித்துப் போகிறது, ஆனால் ஒவ்வொன்றும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. வயதாக ஆக இது கொஞ்சம் நீளும், மெட்டோப்ரோலாலும் நீட்டும். உங்கள் பைலில் இருந்த 2022 ஈசிஜியில், மாத்திரை தொடங்கும் முன்பே, PR 196 இருந்திருக்கிறது. நேற்று மாத்திரை போட்டபின் 216. கணக்கு ஒத்துப்போகிறது. இதற்காக மாத்திரையை நிறுத்தவே கூடாது. அந்த மாத்திரையைத் திடீரென விடுவதுதான் ஆபத்து.

QRS என்பது மின்துடிப்பு கீழ் அறைகளுக்குள் பரவ எடுக்கும் நேரம். அது 88, நன்றாகவே இருக்கிறது. 120-ஐத் தொட்டிருந்தால் பேச வேண்டியிருக்கும்.

அடுத்தது QTc. "460, நெட்டில் 450-க்கு மேல் போனால் திடீர் மரணம் என்று போட்டிருக்கிறது" என்று எழுதியிருந்தீர்கள். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். கீழ் அறைகள் சுருங்கத் தொடங்கியதிலிருந்து மின்சார ரீதியாக அடுத்த துடிப்புக்குத் தயாராகும் வரை ஆகும் நேரம் QT. அது அப்பாவுக்கு 364. இதயம் வேகமாகத் துடித்தால் QT தானாகக் குறையும், மெதுவாகத் துடித்தால் நீளும். அப்படியிருக்கும்போது ஒருவருடைய எண்ணை இன்னொருவருடையதோடு எப்படி ஒப்பிடுவது? நிமிடத்துக்கு 60 துடிப்பு இருந்தால் எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டு மாற்றியதுதான் QTc. ஆக, 364 அளந்த எண், 460 கணக்குப் போட்ட எண். பெரும்பாலான மெஷின்கள் பாசெட் என்பவர் 1920-ல் கொடுத்த சூத்திரத்தைத்தான் இன்னும் பயன்படுத்துகின்றன:

```
QTc = QT / √RR
RR  = 60 / 96 = 0.625
QTc = 364 / 0.79 = 460
```

இந்தச் சூத்திரத்தில் ஒரு குறை உண்டு. துடிப்பு வேகமாக இருக்கும்போது இது QTc-யை உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். அதே 1920-ல் வந்த ஃப்ரிடெரிசியா சூத்திரத்தில் வர்க்கமூலத்துக்குப் பதில் கனமூலம் போட வேண்டும். அதில் அப்பாவுக்கு 426-தான் வருகிறது. தாள் ஒன்றுதான், துடிப்பும் ஒன்றுதான், சூத்திரம் மாறியதும் 34 குறைந்துவிட்டது. நேற்று மாலை மாத்திரை போட்டு, கால் மணி நேரம் ஃபேனுக்குக் கீழே உட்கார வைத்து எடுத்தபோது துடிப்பு 72, QT 392, பாசெட் கணக்கிலேயே QTc 429. ஆண்களுக்கு 450 வரை கவலையில்லை. 500-ஐத் தாண்டினால் நானே உங்களை நள்ளிரவிலும் எழுப்பியிருப்பேன்.

ஆனாலும் QT விஷயத்தை அலட்சியமாக விடவும் மாட்டேன். அப்பா வயிற்றுக்குப் போடும் கேப்சூலில் பாண்டோபிரசோலோடு டோம்பெரிடோனும் சேர்ந்திருக்கிறது. டோம்பெரிடோன் QT-யை நீட்டக்கூடியது. அதோடு சளிக்கு என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு அஸித்ரோமைசினும் வாங்கிப் போட்டால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். கேப்சூலை வெறும் பாண்டோபிரசோலாக மாற்றி எழுதித் தருகிறேன். சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் வாங்கும் பழக்கத்தை நீங்கள்தான் நிறுத்த வைக்க வேண்டும். என் பேச்சை அவர் கேட்பதில்லை.

கடைசி வரியில் இருப்பது அச்சு, அதாவது மின்னோட்டம் மொத்தமாக எந்தப் பக்கம் சாய்கிறது என்பதன் கோணம். நடுவில் உள்ள -34-தான் முக்கியம். -30 முதல் +90 வரை இயல்பு. 2022-ல் -31 இருந்தது. பல வருடம் பிபி உள்ளவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறோம். இதை இப்படியே விடலாம்.

இனி கீழே கொட்டை எழுத்தில் மெஷின் எழுதியது:

```
Sinus rhythm with 1st degree AV block
Left axis deviation
Cannot rule out Anterior infarct, age undetermined
Abnormal ECG
Unconfirmed
```

மெஷினுக்கு அப்பாவைத் தெரியாது. நெஞ்சு வலி உண்டா, பழைய ஈசிஜி எப்படி இருந்தது, என்ன மாத்திரை போடுகிறார் என்று எதுவும் தெரியாது. பத்து நொடிப் பதிவை வைத்துக்கொண்டு, உள்ளே எழுதி வைத்த விதிகளோடு பொருத்திப் பார்க்கிறது. உண்மையான ஒன்றைத் தவறவிடக்கூடாது என்பதற்காக விதிகளைக் கொஞ்சம் பயந்த மாதிரியே வைத்திருப்பார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த அபார்ட்மென்ட் வாட்ச்மேன் குடியிருப்பவரையே நிறுத்தி ரெஜிஸ்டரில் கையெழுத்துக் கேட்பதைப் போலத்தான்.

உங்களைத் தூங்கவிடாமல் செய்தது மூன்றாவது வரி. மாரடைப்பு வந்திருக்கிறது என்று அது சொல்லவில்லை. இதயத்தின் முன்பக்கச் சுவரில் பழைய தழும்பு இல்லை என்று என்னால் உறுதி சொல்ல முடியாது என்கிறது. வயது தெரியவில்லை என்பது அப்பாவின் வயதைப் பற்றியும் அல்ல. தழும்பு இருந்தால் அது எப்போது ஏற்பட்டது என்று தெரியாது, அவ்வளவுதான்.

ஏன் அப்படி எழுதியது? V1, V2, V3 என்று போட்ட கோடுகளைப் பாருங்கள். மேல்நோக்கி எழும் முனை V1-ல் சின்னதாக இருந்து V3, V4-க்குப் போகப் போக உயர வேண்டும். லேப் தாளில் V3 வரை குட்டையாகவே இருக்கிறது. பழைய தழும்பு இருந்தாலும் இப்படி வரும். நெஞ்சில் ஒட்டும் லீடுகளை ஒரு விலா மேலே வைத்தாலும் இப்படியே வரும். V1, V2 இரண்டும் நான்காவது விலா இடைவெளியில், நெஞ்செலும்பின் இரு பக்கமும் இருக்க வேண்டும். காலை நேர லேப் கூட்டத்தில் விலாவை எண்ணிப் பார்த்து வைக்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. நேற்று நானே எண்ணி வைத்து எடுத்தேன். V3-ல் முனை ஒழுங்காக உயர்ந்திருக்கிறது, மெஷினும் அந்த வரியை எழுதவில்லை. முதல் இரண்டு வரிகள் அப்படியே வந்தன.

அப்படியானால் எக்கோ எதற்கு என்று கேட்பீர்கள். அப்பாவுக்குச் சர்க்கரை பல வருடமாக இருக்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் மாரடைப்பு வந்து போவது உண்டு. மயக்க மருந்து கொடுக்கப் போகிற நேரத்தில், இதயச் சுவர்கள் எல்லாம் ஒழுங்காக அசைகின்றனவா என்று கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. மெஷின் அந்த வரியை எழுதாமல் இருந்திருந்தாலும் இவருக்கு எக்கோ கேட்டிருப்பேன்.

"Abnormal ECG" என்பது தனி நோய் இல்லை. மேலே உள்ளவற்றில் ஒன்று பொருந்தினாலே அது அச்சாகிவிடும். "Unconfirmed" என்றால் டாக்டர் யாரும் இன்னும் பார்க்கவில்லை என்று பொருள். அந்தத் தாளில் நீங்கள் முதலில் படித்திருக்க வேண்டிய வரி அதுதான். இப்போது நான் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. நாளைக்கே மெஷின் "Normal ECG" என்று எழுதினாலும், உடம்பு வேறு மாதிரி சொன்னால் உடம்பைத்தான் நம்ப வேண்டும். மாரடைப்பின் தொடக்கத்தில் ஈசிஜி இயல்பாகவே இருக்கக்கூடும். நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குப்பென்று வியர்வை, மூச்சு வாங்குவது, மயங்கி விழுவது, இவற்றில் எது வந்தாலும் கேஸ் என்று சோடா குடித்துப் பார்க்க வேண்டாம், எனக்கு வாட்ஸ்அப்பும் அனுப்ப வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள். பைக்கில் உட்கார வைத்துக் கூட்டிப்போகவும் வேண்டாம்.

ஈசிஜி தாள்களை இன்றே போட்டோ எடுத்து, ஜெராக்ஸும் போட்டு வையுங்கள். அந்தத் தாளில் கோடு நாளாக நாளாக மங்கிவிடும். பத்திரம் என்று நினைத்து லேமினேஷன் போட்டால் சூட்டில் கறுத்துப் போகும். 2022 தாளும் அந்த ஜெராக்ஸ் கட்டில் இருக்கட்டும், ஆபரேஷன் அன்று மயக்க மருந்து டாக்டர் அதைத்தான் முதலில் கேட்பார்.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு அழைத்து வாருங்கள். எக்கோவுக்கு வெறும் வயிறு தேவையில்லை. இட்லி சாப்பிட்டு, பிபி மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் போட்டுக்கொண்டே வரட்டும். மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு கவரில் எடுத்து வாருங்கள், பெயர் சொல்லச் சொன்னால் அவர் "அந்த மஞ்சள் மாத்திரை" என்பார்.