மொட்டை மாடியில் டிஷ் ஆன்டெனா பொருத்த அனுமதி கோரி விண்ணப்பம்

அழகாபுரம், சேலம்
12.06.2025

அனுப்புநர்:
கி. மைதிலி,
வீட்டு எண் 3சி, மூன்றாம் தளம்.

பெறுநர்:
செயலாளர் மற்றும் நிர்வாகக் குழுவினர்,
குடியிருப்போர் நலச் சங்கம்.

ஐயா / அம்மா,

வணக்கம். இடுப்பு எலும்பு முறிந்த பிறகு என் மாமியார் நாள் முழுக்க ஹாலில் கட்டிலிலேயே இருக்கிறார் என்பது உங்களில் பலருக்கும் தெரியும். அவருக்கு டிவிதான் துணை. இப்போதுள்ள கேபிள் இணைப்பில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடுகிறது. மறுபடி வரும் என்று ரிமோட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு அவர் திரையைப் பார்த்தபடி படுத்திருப்பதைக் காண மனம் கேட்கவில்லை. அதனால் டிடிஎச் இணைப்புக்கு மாற முடிவு செய்திருக்கிறோம்.

டிஷ்ஷை எங்கள் பால்கனியிலேயே மாட்டிக்கொள்ளத்தான் நினைத்தோம். ஆனால் பால்கனி ஏற்காட்டு மலையைப் பார்த்து வடக்கே இருக்கிறது. டிஷ் பார்க்க வேண்டிய ஜிசாட்-15 செயற்கைக்கோளோ 93.5 டிகிரி கிழக்கில், சேலத்திலிருந்து பார்த்தால் தென்கிழக்கு வானில் இருக்கிறது. நடுவே கட்டடமே மறைக்கிறது. மொட்டை மாடியை விட்டால் வேறு இடம் இல்லை.

போன ஐப்பசி மழையில் நான்காம் தளத்து வீடுகளில் நீர் கசிந்து, மாடி ஓடுகளைப் பெயர்த்துப் போட்டுச் சரிசெய்தோம். அந்தத் தரையில் ஒரு துளைகூடப் போட விடமாட்டேன். படிக்கட்டு அறையின் தெற்குப் பக்கச் சுவரில் நான்கு போல்ட் வைத்துப் பொருத்தி, துளைகளைச் சிலிக்கான் பூசி அடைக்கச் சொல்லியிருக்கிறேன். டிஷ் 60 செ.மீ., அதாவது இரண்டடி அகலம்தான். துணி காயப்போடும் கொடிக்கும் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் ஏணிக்கும் இடைஞ்சல் இல்லை. சுவரும் வேண்டாம் என்று குழு கருதினால், ஸ்டாண்டில் நிறுத்தி சாலிட் பிளாக் கற்களைப் பாரம் வைத்துக்கொள்கிறோம். ஆனால் ஆடிக் காற்றில் டிஷ் கொஞ்சம் அசைந்தாலும் சிக்னல் போய்விடும் என்பதால் சுவரே நல்லது என்று எனக்குப் படுகிறது.

கேபிள் ஒன்றே ஒன்று. பைப் போகும் ஷாஃப்ட் வழியாக கிளிப் அடித்து இறங்கும். முகப்பில் எங்கும் தொங்காது.

செலவு முழுவதும் எங்களுடையது. சுவருக்குச் சேதம் வந்தால் நாங்களே சரிசெய்து தருவோம். பெயின்ட் அடிக்கும்போது கழற்றித் தருவோம். பிற்பாடு எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரே டிஷ் வைக்கலாம் என்று சங்கம் முடிவெடுத்தால், இதை எடுத்துவிட்டு அதில் சேர்ந்துகொள்கிறோம்.

15ஆம் தேதி குழுக் கூட்டத்தில் இதைப் பேசி அனுமதி தரும்படி கேட்டுக்கொள்கிறேன். சரி என்றால் 22ஆம் தேதி ஞாயிறு காலை 10 மணிக்கு மேல் ஆளை வரச் சொல்கிறேன். ஒரு மணி நேர வேலைதான். மாடிச் சாவியை அன்று வாட்ச்மேனிடம் கொடுத்துவைத்தால் போதும். குழுவில் ஒருவர் கூட இருந்து பார்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.

நன்றி.

இப்படிக்கு,
கி. மைதிலி