உச்சியில் பந்து நிற்கிறதா?

கேள்வி:

சார், நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். ஒரு கணக்கு நேற்று ராத்திரியிலிருந்து உதைக்கிறது. 200 கிராம் பந்து ஒன்று தரையிலிருந்து கிடைத்தளத்துடன் 60° கோணத்தில் 20 மீ/வி வேகத்தில் எறியப்படுகிறது. பாதையின் உச்சியில் அதன் இயக்க ஆற்றல் எவ்வளவு? (g = 10 மீ/வி²)

உச்சியில் திசைவேகம் பூஜ்யம்தானே என்று முதலில் 0 போட்டேன். தப்பு. சரி, ஒரு கூறு மட்டும் மிஞ்சும்போல என்று u sin θ எடுத்துப் போட்டேன், 30 ஜூல் வந்தது. விடைத்தாளில் 10 ஜூல் என்று இருக்கிறது. பக்கத்தில் உட்காருகிறவள் "உச்சி என்றால் cos போடு, அவ்வளவுதான்" என்கிறாள். ஏன் cos? அப்புறம், உச்சியில் முடுக்கமாவது பூஜ்யமா, அதுவும் இல்லையா?

பதில்:

உன் முதல் விடை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நேர் மேலே எறிந்த கல் உச்சியில் ஒரு கணம் நிற்கும் என்று முந்தைய பாடத்தில் படித்தாய். அங்கே அது சரி. அந்தக் கல்லுக்குப் பக்கவாட்டில் வேலையே இல்லை. இந்தப் பந்துக்கு இருக்கிறது.

எறியும்போது பந்தின் வேகத்தைப் பிரித்துக்கொள்.

கிடைத்தளக் கூறு: u cos 60° = 10 மீ/வி
செங்குத்துக் கூறு: u sin 60° = 17.3 மீ/வி

புவியீர்ப்பு கீழ்நோக்கி மட்டும் இழுக்கிறது. காற்றுத் தடையை விட்டுவிட்டால் 17.3-ஐக் குறைக்க ஆள் இருக்கிறது, 10-ஐத் தொட ஆளே இல்லை. வினாடிக்கு 10 வீதம் குறைந்து 1.73 வினாடியில் 17.3 தீர்ந்துபோகிறது. அந்த இடத்தைத்தான் உச்சி என்கிறோம். அங்கே பந்து கிடையாக 10 மீ/வி வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது.

10 மீ/வி என்பது மணிக்கு 36 கி.மீ., ஒரு டவுன் பஸ் வேகம். அதே வேகத்தில் ஓடும் பஸ்ஸுக்குள் நீ உட்கார்ந்து ஒரு ரூபாய் நாணயத்தை மேலே சுண்டுகிறாய் என்று வை. உன் கண்ணுக்கு அது நேர் மேலே போய், நின்று, கைக்கே திரும்பும். நிறுத்தத்தில் நிற்கிறவருக்கு அந்த நாணயம் ஒரு கணமும் நிற்கவில்லை, பஸ்ஸோடு ஓடிக்கொண்டே இருந்தது. நீ போட்ட 0 பஸ்ஸுக்குள் இருப்பவரின் விடை. கேள்வி கேட்டவர் தரையில் நிற்கிறார்.

ஆகவே இயக்க ஆற்றல் ½ × 0.2 × 10² = 10 ஜூல்.

உன் 30 ஜூலைக் குப்பையில் போடாதே. எறியும்போது மொத்தம் 40 ஜூல். உச்சியின் உயரம் 17.3² / 20 = 15 மீ. அங்கே நிலை ஆற்றல் mgh = 0.2 × 10 × 15 = 30 ஜூல். நீ கண்டுபிடித்தது அதைத்தான்! செங்குத்துக் கூறு சுமந்த ஆற்றல் முழுவதும் உயரமாக மாறிவிட்டது. மாறிப்போனதை மீண்டும் இயக்கமாக எண்ணிவிட்டாய்.

தோழியின் "cos போடு" இந்தக் கணக்கில் பலிக்கும். இதே எறிதலை "செங்குத்துடன் 30°" என்று கொடுத்தால்? அப்போது கிடைத்தளக் கூறு 20 sin 30°. மனப்பாடம் செய்தவள் cos 30° போட்டு மறுபடி 30 ஜூலில் போய் நிற்பாள். கோணம் எந்தக் கோட்டிலிருந்து அளக்கப்பட்டது என்று படம் போட்டுப் பார். நான் இன்றும் படம் போடாமல் தொடங்குவதில்லை.

முடுக்கம் உச்சியிலும் அதே 10 மீ/வி², கீழ்நோக்கி. அது பூஜ்யமானால் பந்து வளையாமல் நேர்கோட்டில் போய்விடும், தரைக்கே வராது. உச்சியில் திசைவேகம் கிடையாக, முடுக்கம் செங்குத்தாக, இரண்டுக்கும் நடுவே 90°. இந்த 90°-ஐத் தனிக் கேள்வியாகவே கேட்பார்கள்.

இப்போது இதைப் போட்டுப் பார். இதே பந்து உச்சியில் இரண்டு சமத் துண்டுகளாக வெடிக்கிறது. ஒரு துண்டு வந்த பாதையிலேயே திரும்பி, எறிந்த இடத்தில் விழுகிறது. மற்றது எறிந்த இடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் விழும்? 69.3 மீ வந்தால் சரி. 34.6 மீ வந்தால், வெடிக்குமுன் பந்தின் உந்தத்தைப் பூஜ்யமாக்கியிருக்கிறாய். மறுபடி பஸ்ஸுக்குள் ஏறிவிட்டாய்.