கயலின் 'ஸ்' ஒலிக்கு வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சி

கயலின் அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

வணக்கம். நேற்று நேரில் சொன்னவற்றையும், அவசரத்தில் விட்டுப்போனவற்றையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். அடுத்த மூன்று வாரத்துக்கு இதுதான் வீட்டுப் பாடம். பாடம் அவளுக்கு மட்டுமல்ல, உங்கள் காதுக்கும்தான்.

முதலில் நடப்பது என்ன என்று பார்ப்போம். 'ஸ்' சொல்லும்போது நாக்கின் நுனி பல்லுக்குப் பின்னால் நிற்க வேண்டும். நாக்கின் இரு ஓரங்களும் மேல் கடைவாய்ப் பற்களை ஒட்டி, நடுவில் ஒரு குறுகிய பள்ளம் விழும். காற்று அந்தப் பள்ளத்தின் வழியே சீறிக்கொண்டு வெளியேறும். கயலுக்கு நுனி மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் நடுவே வந்துவிடுவதால் சீறல் மழுங்கிவிடுகிறது. 'காசு' என்பது நம் காதில் 'காது' போலவும், 'பாசி' என்பது 'பாதி' போலவும் விழுவது அதனால்தான். இது திக்குவாய் இல்லை. நாக்கு கட்டிக்கொண்டும் இல்லை. அவளால் நாக்கை நன்றாக நீட்டவும் மேலே தூக்கவும் முடிகிறது. காது கேட்கும் சோதனையும் சரியாக இருந்தது. இது ஒரு பழக்கம். நான்கு வயதில் என்றால் காத்திருக்கலாம் என்றே சொல்லியிருப்பேன். ஏழு வயது ஆகிவிட்டது, மேல் முன்பற்களும் முளைத்துவிட்டன. இனித் தானாகச் சரியாகும் என்று விடுவதைவிடச் சொல்லிக்கொடுப்பது நல்லது.

நாக்கைச் சுழற்றுவது, மூக்கைத் தொட முயல்வது, பீப்பி ஊதுவது போன்ற பயிற்சிகளை யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். அவள் நாக்கில் பலவீனம் எதுவும் இல்லை. 'ஸ்' வர வேண்டுமென்றால் 'ஸ்' சொல்லித்தான் பழக வேண்டும்.

ஒரு நாளைக்கு இரண்டு தடவை, தடவைக்கு ஐந்து நிமிடம். அதற்கு மேல் வேண்டாம். அரை மணி நேரம் உட்கார வைத்தால் பத்தாவது நிமிடத்திலிருந்து அவள் பழைய ஒலியைத்தான் பயிற்சி செய்துகொண்டிருப்பாள். ஐந்து நிமிடத்தில் ஐம்பது தடவையாவது ஒலி வாயிலிருந்து வர வேண்டும். எனவே பேச்சைக் குறைத்து, சொல்ல வைப்பதைக் கூட்டுங்கள். முகம் முழுவதும் தெரியும் கண்ணாடி ஒன்று, ஒரு உறிஞ்சுகுழல், ஒரு நோட்டு, பென்சில் போதும்.

முதல் வாரம் ஒலி மட்டும். கண்ணாடி முன் உட்கார வைத்து 'ஈஈஈ' என்று நீட்டச் சொல்லுங்கள். உதடு சிரிப்பது போல் விரியும். நாக்கின் ஓரம் தானாகவே கடைவாய்ப் பல்லில் போய் ஒட்டும். நுனி கீழ்ப்பற்களுக்குப் பின்னால் இறங்கும். இந்த மூன்றும்தான் நமக்கு வேண்டும். அதே நிலையில் குரலை நிறுத்திவிட்டு, பல்வரிசை இரண்டையும் மெல்ல மூடி, காற்றை மட்டும் விடச் சொல்லுங்கள். 'ஸ்ஸ்ஸ்' வரும். அவளிடம் நான் சொல்லிவைத்திருப்பது 'கதவைச் சாத்து, பாம்பு வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்' என்பது. நீங்களும் அதே வார்த்தைகளைச் சொல்லுங்கள்; வேறு வேறு விதமாக விளக்கினால் குழம்புவாள். நாக்கு நுனியை மேலே வைத்து 'ஸ்' சொல்பவர்களும் உண்டு, அதுவும் சரியே. கயலுக்கு மேலே தூக்கினால் நுனி பல்லிடுக்குக்குத் தாவிவிடுகிறது, அதனால் கீழே வைத்துப் பழக்குகிறோம். உங்கள் நாக்கு எங்கே நிற்கிறது என்று பார்த்து அதை அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

உறிஞ்சுகுழலின் ஒரு முனையை அவள் முன்பற்களின் நடுவுக்கு நேரே, பல்லைத் தொடாமல் பிடியுங்கள். காற்று நடுவில் வந்தால் குழலுக்குள் சத்தம் பளிச்சென்று மாறும். இது அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. குழலைக் கன்னத்தோரம் நகர்த்தும்போது அங்கே சத்தம் கூடினால், கன்னத்தில் எச்சில் சளசளப்பது போல் கேட்டால், உடனே நிறுத்திவிட்டு எனக்குத் தெரியப்படுத்துங்கள். காற்று பக்கவாட்டில் போகப் பழகிவிட்டால் அதை மாற்றுவது இப்போதுள்ள சிக்கலைவிடக் கடினம். இந்தக் கடிதத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

பத்துக்கு எட்டு தடவை சரியாக வந்து, அது இரண்டு நாள் தொடர்ந்தால் அடுத்த கட்டம். முதல் வாரத்திலேயே வரலாம், பத்து நாளும் ஆகலாம்.

இரண்டாவது கட்டத்தில் உயிரெழுத்தோடு சேர்ப்பது. 'ஈ', 'இ', 'ஏ' முதலில், பிறகு 'ஆ', 'ஊ', 'ஓ' கடைசியில். 'ஊ', 'ஓ' சொல்ல உதடு குவிவதால் சிரித்த நிலை கலைந்து, ஒலி 'ஷ' பக்கம் சாயும். ஒரு சின்ன எச்சரிக்கை: 'சீ, சீ, சீ' என்று பத்து தடவை சொல்லச் சொன்னால் யாரையோ அருவருப்பது போல் இருக்கிறது என்று விழுந்து விழுந்து சிரிப்பாள். ஒரு தடவை சிரிக்கட்டும், பிறகு தொடருங்கள்.

இந்தக் கட்டத்தில் அடிக்கடி வரும் தவறு, 'ஸ்'ஸுக்கும் உயிருக்கும் நடுவில் ஒரு 'த்' முளைப்பது: 'ஸ்தாவி'. அதைச் சரிசெய்ய, சொல்லை இரண்டாக உடைத்துக் கொடுங்கள். 'சாவி' என்று சொல்லாமல் 'ஸ்ஸ்ஸ்' என்று நீட்டி, ஒரு கணம் நிறுத்தி, 'ஆவி' என்று சொல்லச் சொல்லுங்கள். இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். 'ஸ்ஸ்ஸ்... ஏவல்', 'ஸ்ஸ்ஸ்... அங்கு', 'ஸ்ஸ்ஸ்... எடி' என்று போனால் சேவல், சங்கு, செடி கிடைத்துவிடும். முதலிலேயே 'இது சாவி' என்று சொல்லிவிட்டால், அந்தச் சொல்லோடு ஒட்டிக்கிடக்கும் பழைய ஒலி உடனே வந்து நிற்கும். சொல் எது என்று அவளே கண்டுபிடிக்கட்டும்.

மூன்றாவது கட்டத்தில் சொற்கள். இங்கேதான் பெற்றோர் பலரும் தவறுகிறார்கள், ஏனென்றால் 'ச' என்ற எழுத்தைப் பார்த்துச் சொல்லைப் பொறுக்குகிறார்கள். தமிழில் ஒரே எழுத்துக்குப் பல ஒலி. 'பச்சை'யில் வருவது 'ஸ்' இல்லை. 'பஞ்சு'வில் வருவதும் இல்லை. இவை இரண்டையும் கயல் ஏற்கெனவே சரியாகச் சொல்கிறாள், தொட வேண்டாம். சொல்லின் தொடக்கத்திலும், இரண்டு உயிர்களுக்கு நடுவிலும் வரும் 'ச'தான் நமக்கு வேண்டியது. உங்கள் வீட்டில் யாராவது 'செடி'யை அழுத்தி, 'பச்சை'யில் வருவது போன்ற ஒலியோடு சொல்வதுண்டு என்றால் அந்தச் சொல்லைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அவர் சொல்வது தவறில்லை, நம் பயிற்சிக்குத்தான் உதவாது.

தொடக்கத்தில்: சீப்பு, சிங்கம், சேவல், சாவி, சங்கு, சுவர், சோப்பு.
நடுவில்: ஊசி, பசி, மேசை, மீசை, ஆசை, வாசல், காசு, பசு.
கடைசியில்: பஸ், ஐஸ், கிளாஸ்.

'சத்தம்', 'சந்தை' போல 'த' ஒலியும் கூடவே வரும் சொற்களை இப்போது தவிர்த்துவிடுங்கள். நாக்கு எப்படியும் பல்லுக்குப் போக வேண்டியிருப்பதால் 'ச'வுக்கும் சேர்த்தே போய்விடும். அவை கடைசி வாரத்துக்கு.

ஒரு தடவைக்கு ஐந்து சொல், ஒவ்வொன்றும் பத்து முறை. நோட்டில் ஒவ்வொரு முறைக்கும் சரி என்றால் கோடு, இல்லையென்றால் புள்ளி. நடுநடுவே நீங்கள் 'காசு', 'காது', 'ஊசி', 'ஊதி' என்று மாற்றி மாற்றிச் சொல்லி, எது எது என்று அவளைக் கைகாட்டச் சொல்லுங்கள். வேண்டுமென்றே தவறாகச் சொல்லி அவளிடம் மாட்டிக்கொள்ளுங்கள். அடுத்தவர் தவறைப் பிடிக்கும் காதுதான் பிறகு தன் தவறையும் பிடிக்கும்.

சொற்கள் பத்துக்கு எட்டு என்று வந்தபின் 'என் சாவி', 'பெரிய சிங்கம்' என்று இரண்டு சொல். பிறகு 'மேசை மேல் ஊசி இருக்கு' போல வாக்கியம். அதன்பின் பாடப்புத்தகத்தில் இரண்டு வரி. 'ஸ்' ஒலிக்கும் 'ச'வை மட்டும் நீங்களே பென்சிலால் அடிக்கோடிட்டுக் கொடுங்கள். மூன்று வாரத்தில் வாக்கியம் வரை போக முடியாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு கட்டத்தில் பத்துக்கு ஐந்துக்குக் கீழே இறங்கினால் முந்தைய கட்டத்துக்குத் திரும்புங்கள்.

தவறும்போது 'தப்பு' என்பதோடு நிறுத்தாமல் என்ன நடந்தது என்று சொல்லுங்கள்: 'பாம்பு எட்டிப் பார்த்தது, கதவைச் சாத்து.' சரியாக வந்தாலும் அப்படியே: 'சூப்பர்' என்பதைவிட 'இப்போ நாக்கு தெரியவே இல்லை' என்பது அவளுக்குப் பயன்படும். பல்லை அழுத்திக் கடித்தால் தாடை இறுகி விசில் போல் ஒலி வரும்; 'மெல்ல மூடு' என்றால் போதும். வாய் அதிகம் திறந்தால் நாக்கு தானாக முன்னே வழியும். அப்போது 'ஈ'யிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

பயிற்சி நேரத்துக்கு வெளியே இப்போதைக்குத் திருத்தவே வேண்டாம். அவள் பள்ளிக் கதையை மூச்சுவிடாமல் சொல்லும்போது நடுவில் நிறுத்தி 'மறுபடி சொல்லு' என்றால், கதையைத்தான் நிறுத்துவாள். பேச்சில் கொண்டுவருவது கடைசிக் கட்டம். அதற்கு எப்போது, எவ்வளவு நேரம் என்று பிறகு சொல்கிறேன். அண்ணன் அவளைப் போலப் பேசிக்காட்டுவதாகச் சொன்னீர்கள். திட்டுவதைவிட, கோடும் புள்ளியும் போடும் வேலையை அவனிடம் கொடுத்துப் பாருங்கள். தவறைக் கவனிக்கும் ஆர்வத்துக்கு ஒரு நல்ல வேலை கிடைத்துவிடும்.

சளிபிடித்து மூக்கடைத்திருக்கும் நாட்களில் விட்டுவிடுங்கள். வாயால் மூச்சுவிடும்போது நாக்கு முன்னே தாழ்ந்து கிடக்கும், ஒலி வராது, அவளுக்கு வீண் எரிச்சல். சளி இல்லாத நாட்களிலும் வாயைத் திறந்தே தூங்குகிறாள் என்றாலோ, விரல் சூப்பும் பழக்கம் மிச்சம் இருக்கிறது என்றாலோ மறைக்காமல் சொல்லுங்கள். முதலாவதற்குக் காது மூக்குத் தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டிவரலாம். இரண்டாவது மேல் முன்பற்களுக்கும் கீழ் முன்பற்களுக்கும் நடுவே இடைவெளியை உண்டாக்கி, நாக்குக்கு வழிவிட்டுக்கொண்டே இருக்கும்.

வாரத்துக்கு ஒரு முறை, பகல் வெளிச்சத்தில், முகம் மட்டும் தெரியும்படி முப்பது விநாடி வீடியோ எடுத்து வையுங்கள். பக்கத்தில் விசிறியோ டிவியோ ஓடக் கூடாது. 'ஸ்' ஒலி அந்த இரைச்சலில் கரைந்துபோகும். மூன்று வாரம் கழித்து வரும்போது நோட்டும் வீடியோவும் கையோடு இருக்கட்டும். நோட்டில் புள்ளிகளை அழித்துக் கோடாக்க வேண்டாம், எந்தச் சொல்லில் புள்ளி விழுகிறது என்பதை வைத்துத்தான் அடுத்த பட்டியலை எழுதுவேன்.

அன்புடன்,
கயலின் பேச்சுப் பயிற்சியாளர்