சுண்ணாம்புக் கோடுகள் இரண்டு முறை போடப்பட்ட நாள்
(பள்ளி ஆண்டு மலருக்காக ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவர் எழுதிய விளையாட்டு விழா அறிக்கை)

நம் பள்ளியின் ஆண்டு விளையாட்டு விழா இரண்டாம் பருவத்தின் கடைசிச் சனிக்கிழமை பள்ளி மைதானத்தில் நடந்தது. காலை எட்டு மணிக்குத் தொடங்கும் என்று அழைப்பிதழில் அச்சிடப்பட்டிருந்தது. தொடங்கியது என்னவோ ஒன்பதே காலுக்கு. அதற்குக் காரணம் முந்தைய இரவு பெய்த மழை.

வெள்ளிக்கிழமை மாலையே ஓடுபாதை முழுவதும் அளக்கப்பட்டு, சுண்ணாம்புக் கோடுகள் போடப்பட்டிருந்தன. சனிக்கிழமை விடிந்து பார்த்தபோது கோடுகள் இருந்த இடத்தில் வெளிறிய கறைதான் மிஞ்சியிருந்தது. உடற்கல்வி ஆசிரியர் யாரையும் திட்டவில்லை. வேட்டியை மடித்துக் கட்டுவது போலக் கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, அளவு நாடாவின் ஒரு முனையை என்னிடம் நீட்டினார். பத்து மாணவர்கள் சேர்ந்தோம். நாடா பிடித்தவர்கள் நால்வர், சுண்ணாம்பு வாளி தூக்கியவர்கள் இருவர், மற்றவர்கள் சாக்குகளை விரித்து, தேங்கிய தண்ணீரை ஒற்றி எடுத்தார்கள். முதல் போட்டி தொடங்குவதற்குள் நாங்கள் ஏற்கெனவே ஒரு மாரத்தான் ஓடி முடித்திருந்தோம் என்றுதான் தோன்றியது.

விழாவைத் தலைமையாசிரியர் தொடங்கிவைத்தார். பள்ளிக்கொடி ஏற்றப்பட்டது. சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என நான்கு அணிகளும் அணிவகுத்து வந்தன. சுடர் ஏற்றப்பட்டு, உறுதிமொழி எடுக்கப்பட்டது. சிறப்பு விருந்தினராக அழைக்கப்பட்டிருந்தவர் நம் பள்ளியின் முன்னாள் மாணவி. தன் காலத்தில் உயரம் தாண்டுதலில் மூன்று முறையும் கம்பியைத் தட்டிவிட்டு, மணலில் உட்கார்ந்து அழுததைச் சொன்னார். மூன்று நிமிடத்தில் பேச்சை முடித்துக்கொண்டார். அன்று அதிகக் கைதட்டல் பெற்ற பேச்சு அதுதான்.

முதலில் 200 மீட்டர் ஓட்டம் நடத்தப்பட்டது. நம் மைதானத்தின் ஓடுபாதை ஒரு சுற்றுக்கு 200 மீட்டர். அதனால் ஓட்டக்காரர்கள் ஒரே கோட்டில் நிறுத்தப்படவில்லை. வெளித்தடத்தில் இருந்தவர் உள்தடத்தில் இருந்தவரைவிட வெகுதூரம் முன்னால் நின்றார். பார்வையாளர் பக்கத்திலிருந்து ஒரு தந்தை எழுந்து, "அந்தப் பையன் மட்டும் ஏன் அவ்வளவு முன்னாடி நிக்கிறான்? இது என்ன நியாயம்?" என்று குரல் கொடுத்தார். கேள்வி மைக் வரை வந்துவிட்டது. வர்ணனை செய்துகொண்டிருந்த கணித ஆசிரியைக்கு இது போதாதா! வட்டம் பெரிதாகப் பெரிதாகச் சுற்றளவும் கூடும், தடத்தின் அகலம் 1.22 மீட்டர், அதை இரண்டு பையால் பெருக்கினால் ஏறத்தாழ 7.67 மீட்டர், ஆகவே தடத்துக்குத் தடம் அந்த அளவு முன்னால் நிறுத்தினால்தான் எல்லோரும் ஒரே தூரம் ஓடுவார்கள் என்று மைக்கிலேயே பாடம் நடத்தி முடித்தார். அந்தத் தந்தை தலையாட்டிக்கொண்டே உட்கார்ந்தார். அவருக்கு முழுவதும் புரிந்ததா என்பது எனக்குத் தெரியாது. எங்களில் பலருக்கு அன்றுதான் புரிந்தது.

அந்த ஓட்டத்திலேயே ஒரு சிறு குழப்பமும் நேர்ந்தது. விசில் ஊதப்படுவதற்கு முன்பே சிவப்பு அணி மாணவர் ஒருவர் பாய்ந்துவிட்டார். பெரிய தடகளப் போட்டிகளில் 2010 முதல் தனிநபர் ஓட்டங்களில் முதல் தவறான தொடக்கத்துக்கே வெளியேற்றிவிடுகிறார்கள். நம் போட்டியில் ஒரு முறை எச்சரிக்கை தருவது என்று முன்பே முடிவு செய்யப்பட்டிருந்தது. எச்சரிக்கப்பட்ட மாணவர் அடுத்த விசிலுக்கு இரண்டு விநாடி கழித்துத்தான் அசைந்தார். பயம்தான். கடைசியாக வந்தார்.

நீளம் தாண்டுதல் நடந்த மணற்குழியருகே கூட்டம் குறைவாகவே இருந்தது. அங்கே போகாதவர்கள் ஒரு நல்ல காட்சியைத் தவறவிட்டார்கள். மேல்நிலைப் பிரிவில் பச்சை அணி மாணவர் இரண்டாவது வாய்ப்பில் அபாரமாகத் தாண்டினார். பாதங்கள் மணலில் பதிந்த இடத்தைப் பார்த்து அவருடைய நண்பர்கள் கத்தத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் நாடா அந்த இடத்தில் வைக்கப்படவில்லை. விழும்போது அவர் நிலைதடுமாறி இடது கையைப் பின்னால் ஊன்றியிருந்தார். மணலில் ஐந்து விரல்களும் தெளிவாகப் பதிந்திருந்தன. உடம்பின் எந்தப் பகுதி பட்டாலும், தாண்டு பலகைக்கு மிக அருகில் உள்ள தடத்திலிருந்துதான் அளக்கப்படும். 4.62 மீட்டராக இருந்திருக்க வேண்டியது 4.18 என்று எழுதப்பட்டது. அவர் சிறிது நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மூன்றாவது வாய்ப்பில் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடியே விழுந்தார், முகம் முழுக்க மணல். 4.51. முதலிடம் அவருக்கே கிடைத்தது.

உயரம் தாண்டுதலும் குண்டு எறிதலும் அமைதியாக நடந்து முடிந்தன. இரண்டிலும் மஞ்சள் அணி முதலிடம் பெற்றது. சிறுவர்களுக்கான சாக்கு ஓட்டத்தில் முதல் மூன்று பேரைவிட நடுவழியில் சாக்கோடு உருண்ட மூன்றாம் வகுப்பு மாணவிதான் எல்லோர் மனதிலும் நின்றார். உருண்டபடியே எல்லைக் கோட்டைத் தாண்டியது செல்லுமா என்று நடுவர்கள் கூடிப் பேசினார்கள். செல்லும் என்று அறிவிக்கப்பட்டது. பெற்றோருக்கான கயிறு இழுக்கும் போட்டியில் கயிறு அறுந்தது. இரு தரப்பும் ஒரே நேரத்தில் தரையில் அமர்ந்தன. யாருக்கும் காயம் இல்லை. வெற்றி இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

மதியத்துக்குப் பிறகு வெயில் ஏறியது. பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் 800 மீட்டர் ஓட்டத்தின் கடைசிச் சுற்றில் மயங்கி அமர்ந்தார். உடனே நிழலுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, தண்ணீர் தரப்பட்டது. பத்து நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்தவர் கேட்ட முதல் கேள்வி, "நான் எத்தனாவது வந்தேன்?" என்பதுதான். இதற்குப் பிறகு ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் தண்ணீர் வழங்கப்பட்டது. இதைக் காலையிலிருந்தே செய்திருக்கலாம்.

கடைசிப் போட்டியாக மேல்நிலைப் பிரிவு மாணவிகளுக்கான 4×100 மீட்டர் தொடர் ஓட்டம் அறிவிக்கப்பட்டபோது புள்ளிப் பலகையில் பச்சை 148, மஞ்சள் 146, நீலம் 141, சிவப்பு 127 என்று எழுதப்பட்டிருந்தது. முதலிடத்துக்கு 10, இரண்டாம் இடத்துக்கு 6, மூன்றாம் இடத்துக்கு 4 புள்ளிகள். மூன்று அணிகளுக்குக் கோப்பை வாய்ப்பு இருந்தது. நான் நீல அணி என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இனி எழுதுவதை அதற்கேற்பக் கழித்துப் படித்துக்கொள்ளவும்.

முதல் இரண்டு மாற்றங்களிலும் யாரும் தடுமாறவில்லை. மூன்றாவது மாற்றத்துக்கு மஞ்சளும் நீலமும் தோளோடு தோளாக வந்தன. மஞ்சள் அணியின் மூன்றாம் ஓட்டக்காரர் கையை நீட்டினார். வாங்க வேண்டியவர் கையைப் பின்னால் விரித்திருந்தார். இரண்டு கைகளுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தபோதே பேட்டன் நழுவியது. தரையில் ஒருமுறை துள்ளி, பக்கத்துத் தடத்துக்குள் உருண்டது. வாங்க வேண்டியவர் குனியப் போனார். "நீ தொடாதே!" என்று கத்தியபடி மூன்றாம் ஓட்டக்காரர் திரும்பி ஓடினார். அந்தத் தடத்தில் சிவப்பு அணி மாணவி வந்துகொண்டிருந்தார். அவர் கடக்கும் வரை இவர் கோட்டருகே நின்றார். பிறகு உள்ளே போய் எடுத்து, தன் தடத்துக்குத் திரும்பி, 30 மீட்டர் மாற்றுப் பகுதிக்குள்ளேயே தடியைக் கொடுத்தார். பேட்டனை நழுவவிட்டவரேதான் எடுக்க வேண்டும், பிறர் ஓட்டத்தைத் தடுக்கவும் கூடாது. அந்தப் பதற்றத்தில் இரண்டு விதியும் அவருக்கு நினைவிருந்தன. எனக்கு என் பெயர்கூட நினைவில் இருந்திருக்காது.

நீல அணி முதலாவதாக வந்தது. அடுத்து சிவப்பு, பச்சை. மஞ்சள் வெகுநேரம் கழித்து வந்தது. நாங்கள் குதித்துக்கொண்டிருந்தபோது மூன்றாவது மாற்றுப் பகுதியில் நின்ற நடுவர் மஞ்சள் கொடியை உயர்த்திப் பிடித்திருந்தார். தங்கள் அணிக்குத்தான் ஏதோ சாதகம் என்று நினைத்து மஞ்சள் அணியினர் ஆரவாரம் செய்தார்கள். உண்மையில் அது விதிமீறலைக் குறிக்கும் கொடி. விதியை மீறியது நாங்கள். எங்கள் கடைசி ஓட்டக்காரர் வேகமாகக் கிளம்பிவிட்டதால், பேட்டன் மாற்றுப் பகுதியின் எல்லைக் கோட்டைத் தாண்டிய பிறகே அவர் கைக்கு வந்திருந்தது. எங்கள் அணித்தலைவர் முறையிட்டார். கோட்டைக் கால் தாண்டியதா என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை, பேட்டன் எங்கே இருந்தது என்பதே பார்க்கப்படும் என்று விளக்கப்பட்டது. நடுவர் காட்டிய இடத்தில் நானும் போய்ப் பார்த்தேன். காலையில் அந்தக் கோட்டைப் போட்டவர்களில் நானும் ஒருவன். கோடு சரியாகத்தான் இருந்தது.

நீல அணி தகுதி நீக்கம் செய்யப்பட்டது. சிவப்புக்கு 10, பச்சைக்கு 6, தடியை நழுவவிட்டு எடுத்து வந்த மஞ்சளுக்கு 4 புள்ளிகள் தரப்பட்டன. பச்சை 154 புள்ளிகளுடன் கோப்பையை வென்றது. மஞ்சள் 150 புள்ளிகளுடன் இரண்டாம் இடத்தைத் தக்கவைத்துக்கொண்டது. தகுதி நீக்கம் இல்லாதிருந்தால் அந்த இடம் 151 புள்ளிகளுடன் எங்களுக்கு வந்திருக்கும். கோப்பை அப்போதும் 152 புள்ளிகள் பெற்றிருக்கக்கூடிய பச்சைக்குத்தான். பரவாயில்லை, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

பரிசுகள் சிறப்பு விருந்தினரால் வழங்கப்பட்டன. மஞ்சள் அணியின் மூன்றாம் ஓட்டக்காரருக்குத் தனிப் பரிசு எதுவும் இல்லை, அப்படியொரு பரிசு பட்டியலில் இருக்கவும் இல்லை. ஆனால் அவர் மேடையேறியபோது எங்கள் அணியினரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். துணைத் தலைமையாசிரியர் நன்றி கூறினார். ஐந்தரை மணிக்குக் கொடி இறக்கப்பட்டது.

அன்று மாலையே மைதானம் பெருக்கப்பட்டு, பேட்டன்கள் எண்ணி அடுக்கப்பட்டன. சாக்கு ஓட்டத்துக்குப் பிறகு கண்டெடுக்கப்பட்ட, இடது காலுக்கான நீல நிறக் காலணி ஒன்று இன்னும் விளையாட்டு அறையில் வைக்கப்பட்டிருக்கிறது. உரியவர் வலது காலணியைக் காட்டிப் பெற்றுக்கொள்ளலாம்.